மேப்ஸில் நம் கடைக்கு வெப்சைட் லிங்க்கும் அப்பாயின்ட்மென்ட் லிங்க்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் சிறு கடை நடத்துபவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. அழகு நிலையம், தையல் கடை, டியூஷன் சென்டர், யோகா வகுப்பு என்று நேரம் குறித்து ஆள் வரும் தொழில்களை மனத்தில் வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். எல்லாமே கூகுள் மேப்ஸ் பற்றியவை. திரையில் தெரியும் பொத்தான்களின் பெயர்களை ஆங்கிலத்தில் இருப்பது போலவே கொடுத்திருக்கிறேன்.

வெப்சைட் லிங்க், அப்பாயின்ட்மென்ட் லிங்க் ரெண்டுலயும் ஒரே முகவரியைப் போட்டா போதாதா?

போடலாம், தப்பில்லை. ஆனால் வாடிக்கையாளர்கள் நடுவழியில் கழன்றுகொள்வார்கள். வெப்சைட் பொத்தானை அழுத்துபவர் இன்னும் முடிவு செய்யவில்லை. விலை என்ன, வேலை எப்படி இருக்கும், படம் இருக்கிறதா என்று பார்க்க வருகிறார். அப்பாயின்ட்மென்ட் பொத்தானை அழுத்துபவர் முடிவு செய்துவிட்டார், அவருக்கு வேண்டியது நாளும் நேரமும் மட்டும்தான். அவரையும் முகப்புப் பக்கத்துக்கே அனுப்பினால், லிட்டில் இந்தியா எம்ஆர்டியில் நின்றபடி ஃபோனில் புக்கிங் எங்கே என்று தேடிக்கொண்டிருப்பார். கிடைக்காவிட்டால் பின்னால் போய் அடுத்த கடையைப் பார்ப்பார்.

ஆகவே வெப்சைட் லிங்க் முகப்புப் பக்கத்துக்குப் போகட்டும். அப்பாயின்ட்மென்ட் லிங்க், நேரத்தைத் தேர்ந்தெடுக்கும் பக்கத்துக்கே நேராகப் போகட்டும்.

ஒரு அழகு நிலையத்தை எடுத்துக்கொள்வோம். திரெடிங்குக்கு யாரும் நேரம் குறிப்பதில்லை, வந்து உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும். மணப்பெண் அலங்காரத்துக்கும் இரண்டு கைக்கு மருதாணி வைப்பதற்கும் முன்பே சொல்லியாக வேண்டும். அப்படியானால் புக்கிங் பக்கத்தில் அந்த இரண்டை மட்டும் வையுங்கள். மேலே ஒரு வரி: “திரெடிங், ஃபேஷியலுக்கு நேரே வரலாம்.” இந்த ஒரு வரி இல்லாவிட்டால் திரெடிங்குக்கும் ஆட்கள் அரைமணி நேரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, உங்கள் நாளை நிரப்பிவிடுவார்கள்.

எங்கே போய்ப் போடணும்? மேப்ஸ்ல தேடித் தேடிப் பாத்தேன், கிடைக்கல.

கடையை நிர்வகிக்கும் கூகுள் கணக்கில் நுழைந்துகொண்டு, கூகுள் தேடலில் உங்கள் கடையின் பெயரைத் தட்டுங்கள். `my business` என்று தட்டினாலும் வரும். மேலே உங்களுக்கு மட்டும் தெரியும் பொத்தான் வரிசை ஒன்று வரும். அதில் `Edit profile` அழுத்தி, `Contact` பகுதியில் `Website` என்ற இடத்தில் வெப்சைட் முகவரியைப் போட்டு, `Save` அழுத்துங்கள்.

அப்பாயின்ட்மென்ட் லிங்க் அந்த இடத்தில் இல்லை. அதற்கு அதே பொத்தான் வரிசையில் `Bookings` என்று தனியாக இருக்கும். பலர் `Contact` பகுதியிலேயே தேடிவிட்டு இல்லை என்று விட்டுவிடுகிறார்கள்.

`Bookings` பொத்தானே வரவில்லை என்றால், முதலில் கடையின் வகையைப் பாருங்கள். எந்தெந்தப் பொத்தான் கிடைக்கும் என்பதை கூகுள் வகையை வைத்துத்தான் முடிவு செய்கிறது. அழகு நிலையத்தை “கடை” என்று பொதுவாகப் பதிந்து வைத்திருந்தால் அது வராமல் போகலாம். முதன்மை வகையைச் சரியானதாக மாற்றிவிட்டு மறுபடி பாருங்கள். பொத்தான் வேண்டும் என்பதற்காக உண்மையில்லாத வகையைப் போடாதீர்கள், அது மேப்ஸில் உள்ள உங்கள் கடைப் பட்டியலுக்கே ஆபத்து.

எங்களுக்கு வெப்சைட்டே கிடையாது. ஃபேஸ்புக் பக்கத்தையோ இன்ஸ்டாகிராமையோ போட்டுடலாமா?

வெப்சைட் இடத்தில் போட வேண்டாம். அந்த இடத்தில் கடைக்கே உரிய பக்கம்தான் இருக்க வேண்டும், சமூக ஊடகப் பக்கத்துக்குத் திருப்பிவிடக்கூடாது என்பது கூகுளின் விதி. அவற்றுக்கென்று `Contact` பகுதியிலேயே `Social profiles` என்று தனி இடம் இருக்கிறது. அங்கே போட்டால் பட்டியலில் தனியாகத் தெரியும்.

விதியை விடுங்கள், வேறொரு காரணமும் உண்டு. கணக்கில் நுழையாமல் இன்ஸ்டாகிராம் பக்கத்தைத் திறந்தால், கொஞ்சம் கீழே போவதற்குள் உள்ளே நுழையச் சொல்லி மறித்துவிடும். விலை பார்க்க வந்தவர் அங்கேயே திரும்பிவிடுவார்.

பக்கம் பெரிதாக இருக்க வேண்டும் என்று அவசியமில்லை. கடைப் பெயர், முகவரி, எந்த மாடி, திறக்கும் நேரம், சேவைகளும் விலையும், நான்கைந்து படங்கள். ஒரே பக்கம் போதும்.

இன்னொன்று: சில ஆண்டுகளுக்கு முன் கூகுளே இலவசமாக ஒரு சின்ன வெப்சைட் செய்து கொடுத்தது. முகவரி `business.site` என்று முடியும். அந்தச் சேவையை 2024 மார்ச்சில் நிறுத்திவிட்டார்கள். சில மாதம் மேப்ஸ் பட்டியலுக்குத் திருப்பிவிட்டார்கள், அதே ஆண்டு ஜூனில் அதுவும் நின்றது. அதற்குப் பிறகு அந்த முகவரியைத் திறந்தால் எதுவும் வராது. பெயர்ப்பலகையிலும் பெயரட்டையிலும் வாட்ஸ்அப் முகப்பிலும் இன்னும் அந்த முகவரியை வைத்திருக்கும் கடைகள் இருக்கின்றன. உங்களுடையதும் அப்படியா என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

அப்பாயின்ட்மென்ட் லிங்க்ல வாட்ஸ்அப் போட்டா வேலை முடிஞ்சுதே?

இந்த ஊரில் பாதி புக்கிங் வாட்ஸ்அப்பில்தான் நடக்கிறது, ஆகவே கேள்வி நியாயமானது. ஆனால் புக்கிங் லிங்க்கைத் திறப்பவர், திறந்த பக்கத்திலேயே புக்கிங்கை முடிக்க முடிய வேண்டும் என்று கூகுள் எதிர்பார்க்கிறது. வாட்ஸ்அப் திறந்தால் நடப்பது உரையாடல் மட்டும்தான். நீங்கள் பதில் போட்டால்தான் நேரம் உறுதி. அதனால் அப்படிப்பட்ட லிங்க்கை ஏற்காமல் விடலாம், ஏற்றாலும் பின்னால் எடுத்துவிடலாம்.

`Contact` பகுதியில் `Chat` என்ற இடம் உங்களுக்குத் தெரிந்தால் வாட்ஸ்அப்பை அங்கே போடுங்கள். முகவரியில் நாட்டுக் குறியீடு 65, அதன்பின் எட்டு இலக்க எண். கூட்டல் குறி, இடைவெளி, கோடு எதுவும் கூடாது.

```
https://wa.me/65XXXXXXXX
```

கூகுளின் சொந்த அரட்டை வசதியோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது 2024 ஜூலை 31-இல் நிறுத்தப்பட்டது.

நாங்க போடாத புக்கிங் லிங்க் எங்க கடையில தெரியுது. இது எங்கிருந்து வந்துச்சு?

இந்தப் பக்கத்திலேயே மிகவும் கவனமாகப் படிக்க வேண்டிய இடம் இது. ஏனென்றால் மற்றத் தவறுகளில் வாடிக்கையாளர் வராமல் போவார். இதில் வந்து நின்று ஏமாறுவார்.

புக்கிங் ஆப் நடத்தும் நிறுவனங்கள் பலவற்றுக்கு கூகுளோடு நேரடித் தொடர்பு உண்டு. அவர்களிடம் நீங்கள் கணக்குத் தொடங்கினால், உங்கள் கடையை மேப்ஸில் உள்ள பட்டியலோடு பொருத்தி, புக்கிங் பொத்தானை அவர்களே போட்டுவிட முடியும். நீங்கள் எதையும் தட்டியிருக்க மாட்டீர்கள். அந்த ஆப்பை நீங்கள் விட்டுவிட்ட பிறகும் பொத்தான் அப்படியே இருக்கலாம்.

எனக்குத் தெரிந்த ஒரு அழகு நிலையத்தில் இதுதான் நடந்தது. தேக்கா பக்கம், கடைவீட்டின் மேல்மாடி. ஒரு புக்கிங் ஆப்பை இலவசக் காலத்தில் பயன்படுத்திப் பார்த்துவிட்டு, சரிப்படவில்லை என்று பழையபடி நோட்டுப் புத்தகத்துக்கும் வாட்ஸ்அப்புக்கும் திரும்பிவிட்டார்கள். கணக்கை மூடவில்லை. தீபாவளிக்கு முந்தைய வாரம், கூட்டம் நெரிகிற நேரத்தில், ஒரு பெண் மகளோடு வந்து மருதாணிக்கு நாலு மணிக்குப் புக் செய்திருக்கிறேன் என்றார். நோட்டில் பெயர் இல்லை. கடைக்கார அக்கா அவரைச் சந்தேகப்படாமல், “உறுதி செய்தி வந்துச்சாம்மா, காட்டுங்க” என்று கேட்டார். அதுதான் சரியான கேள்வி. ஃபோனில் செய்தி இருந்தது. அனுப்பியவர் பெயர் அந்தப் பழைய ஆப்.

அப்புறம் அவர்கள் செய்த வரிசையை அப்படியே சொல்கிறேன். வரிசைதான் முக்கியம்.

முதலில் பழைய ஆப்பின் கணக்கில் நுழைந்து, திறந்திருந்த நேரங்களை எல்லாம் மூடினார்கள். மேப்ஸில் பொத்தானை எடுக்க நாளாகலாம், ஆனால் நேரமே இல்லை என்று காட்டினால் அந்த நிமிடத்திலிருந்து புதுப் புக்கிங் வராது. அடுத்து, அந்த ஆப்பில் ஏற்கெனவே பதிவாகியிருந்தவர்களின் பட்டியலை எடுத்து ஒவ்வொருவரையும் ஃபோனில் கூப்பிட்டு, நோட்டில் நேரம் போட்டுக் கொடுத்தார்கள்.

அதன்பின்தான் மேப்ஸ். `Bookings` உள்ளே போனால் அந்த லிங்க்கின் கீழ் ஆப் நிறுவனத்தின் பெயர் இருந்தது. இப்படி நிறுவனம் போட்ட லிங்க்கை நீங்கள் அழித்து வேறொன்றைத் தட்ட முடியாது. எடுக்க வேண்டியவர்கள் அவர்கள்தான். ஆகவே ஆப்பின் உதவிப் பிரிவுக்கு, கூகுளோடு உள்ள இணைப்பைத் துண்டிக்கும்படி எழுதினார்கள். கடைப் பெயர், முகவரி, மேப்ஸ் பட்டியலின் லிங்க் மூன்றையும் அதே கடிதத்தில் கொடுத்தது நல்லதாயிற்று. வெறும் “எடுத்துவிடுங்கள்” என்று எழுதினால் எந்தக் கடை என்று கேட்டு ஒரு சுற்று வீணாகும்.

காத்திருக்கும் நேரத்தில் தங்கள் சொந்த லிங்க்கைச் சேர்த்து, அதைக் கடை விரும்பும் லிங்க் என்று குறித்தார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட லிங்க் இருந்தால் இப்படிக் குறிக்க வழி உண்டு.

உங்கள் கடையில் இப்படி ஒன்று ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க, கணக்கில் நுழையாத ஒரு ஃபோனை எடுங்கள். உங்கள் ஃபோனில் உரிமையாளருக்கான திரை வந்து குழப்பும். வீட்டில் யாருடைய ஃபோனிலாவது கடைப் பெயரைத் தேடி, புக்கிங் பொத்தானை அழுத்தி, மேலே முகவரிப் பட்டையில் யாருடைய தளம் திறக்கிறது என்று பாருங்கள். பிறகு உண்மையாகவே ஒரு புக்கிங் செய்து, அந்தச் செய்தி கடைக்கு வந்து சேருகிறதா என்றும் பாருங்கள். பக்கம் திறப்பதோடு நிறுத்திவிடக்கூடாது.

லிங்க்குக்குப் பின்னாடி utm-னு நீளமா ஒண்ணு சேக்கச் சொல்றாங்க. எதுக்கு?

மேப்ஸ் பட்டியலிலிருந்து எத்தனை பேர் வந்தார்கள் என்பதைப் பிரித்துப் பார்க்க. அது இல்லாவிட்டால் மேப்ஸில் இருந்து வந்தவரும் சாதாரணத் தேடலில் இருந்து வந்தவரும் உங்கள் தளக் கணக்கில் ஒன்றாகக் கலந்துவிடுவார்கள். இரண்டு லிங்க்குக்கும் இரண்டு பெயர் கொடுங்கள்:

```
https://www.example.com.sg/?utm_source=google&utm_medium=organic&utm_campaign=gbp-website
https://www.example.com.sg/booking/?utm_source=google&utm_medium=organic&utm_campaign=gbp-booking
```

எல்லாம் சிறிய எழுத்தில் இருக்கட்டும். ஒரு இடத்தில் `GBP`, இன்னொரு இடத்தில் `gbp` என்று போட்டால் கூகுள் அனலிட்டிக்ஸ் இரண்டையும் வேறு வேறாக எண்ணும்.

பட்டியலின் `Performance` பக்கத்தில்தான் எண்ணிக்கை வருகிறதே என்று கேட்கலாம். வெப்சைட் பொத்தானை எத்தனை பேர் அழுத்தினார்கள் என்று அது சொல்லும். ஆனால் உங்கள் சொந்தப் பக்கத்தில் புக்கிங் முடிந்ததா என்று அதற்குத் தெரிய வழியில்லை. அப்பாயின்ட்மென்ட் லிங்க்குக்கு இந்த வால் கட்டாயம் வேண்டும் என்று நான் சொல்வது அதனால்தான்.

போட்ட பிறகு ஒரு சோதனை. லிங்க்கைத் திறந்து, பக்கம் முழுதும் வந்தபின் முகவரிப் பட்டையைப் பாருங்கள். `utm_` என்று தொடங்கும் பகுதி இன்னும் இருந்தால் சரி. காணாமல் போயிருந்தால், உங்கள் தளம் நடுவில் வேறு முகவரிக்குத் திருப்பிவிடுகிறது, திருப்பும்போது வாலை வெட்டிவிடுகிறது. பெரும்பாலும் `www` உள்ள முகவரிக்கும் இல்லாத முகவரிக்கும் இடையே, அல்லது `http` இலிருந்து `https`க்குப் போகையில் இது நடக்கும். கடைசியில் எந்த முகவரியில் போய் நிற்கிறதோ, அதையே லிங்க்காகப் போட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

நீளமாக இருக்கிறதே என்று சுருக்கு லிங்க் சேவையில் போட்டுச் சுருக்க வேண்டாம். வாடிக்கையாளர் பார்ப்பது பொத்தானைத்தான், அதன் பின்னால் உள்ள நீளத்தை அல்ல. மோசடிச் செய்திகளைப் பார்த்துப் பார்த்து, எங்கே போகிறது என்று தெரியாத குட்டி லிங்க்கைக் கண்டாலே நம் மக்கள் அழுத்த மாட்டார்கள்.

மாத்திட்டேன், ஆனா பழைய லிங்க்கே வருது. சில நேரம் யாரோ திரும்ப மாத்திடுறாங்க.

பெரும்பாலான மாற்றங்கள் பத்து நிமிடத்தில் வந்துவிடும். கூகுள் சரிபார்க்க எடுத்துக்கொண்டால் 30 நாள் வரைகூட ஆகலாம். அதற்குள் மறுபடி மறுபடி மாற்றிக்கொண்டிருக்காதீர்கள்.

திரும்ப மாறுவதற்குக் காரணம், பட்டியலில் நீங்கள் மட்டும் எழுதவில்லை என்பது. மேப்ஸ் பார்க்கும் யாரும் திருத்தம் பரிந்துரைக்கலாம். கூகுளும் மற்ற இடங்களில் உங்கள் கடை பற்றிக் காண்பதை வைத்துத் தானே மாற்றும். பழைய வெப்சைட் முகவரி வேறு கடைப் பட்டியல் தளங்களிலும் உங்கள் ஃபேஸ்புக் பக்கத்திலும் கிடந்தால், அதைச் சரியென்று எடுத்துக்கொள்ள இடமுண்டு. ஆகவே அங்கேயும் மாற்றுங்கள். கூகுள் செய்த மாற்றம் உங்கள் திரையில் தனியாகக் குறித்துக் காட்டப்படும், ஏற்கலாம் அல்லது தள்ளலாம்.

மாறிய லிங்க் உங்கள் கடை போலவே தோன்றும் வேறு தளத்துக்குப் போய், அங்கே முன்பணம் கேட்டால் அது மோசடி. உடனே லிங்க்கை மாற்றுங்கள். பணம் கட்டிவிட்ட வாடிக்கையாளரை முதலில் அவருடைய வங்கிக்கும், பிறகு 1799 ஸ்கேம்ஷீல்டு எண்ணுக்கும் அழைக்கச் சொல்லுங்கள்.

பட்டியலை ஆரம்பிச்சுக் கொடுத்த தம்பி வேலைய விட்டுப் போயிட்டார். அவர் ஈமெயில்லதான் எல்லாம் இருக்கு.

அவரிடம் பேச முடிந்தால் அதுதான் குறுக்கு வழி. உங்கள் ஈமெயிலை உரிமையாளராகச் சேர்த்துவிட்டு, முதன்மை உரிமையையும் மாற்றிக் கொடுக்கச் சொல்லுங்கள். மேனேஜராக மட்டும் சேர்த்தால் நீங்கள் லிங்க்கை மாற்றலாம், ஆனால் ஆட்களைச் சேர்க்கவோ நீக்கவோ முடியாது.

பேச முடியாவிட்டால், மேப்ஸில் கடையைத் திறந்து, இந்தத் தொழில் என்னுடையது என்று உரிமை கேளுங்கள். இப்போதுள்ள உரிமையாளருக்கு ஈமெயில் போகும், பதில் சொல்ல அவருக்கு மூன்று நாள் உண்டு. பதில் வராவிட்டால், உங்களைச் சரிபார்த்துக்கொண்டு பட்டியலை எடுத்துக்கொள்ள வழி திறக்கலாம்.

புக்கிங் பக்கத்துல வாடிக்கையாளர்கிட்ட என்னென்ன கேக்கலாம்?

பெயர், ஃபோன் எண், எந்தச் சேவை, எந்த நேரம். அவ்வளவுதான். ஐசி எண்ணைக் கேட்கவே கூடாது. சட்டம் கட்டாயப்படுத்தாத, அடையாளத்தை மிகத் துல்லியமாக உறுதிசெய்யத் தேவையில்லாத இடங்களில் அடையாள அட்டை எண்ணைத் தனியார் நிறுவனங்கள் வாங்கக்கூடாது என்ற வழிகாட்டுதல் 2019 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. ஃபேஷியலுக்கும் பிளவுஸ் அளவுக்கும் அது பொருந்தும். வேறு நாட்டில் செய்த ஆயத்தப் படிவத்தை எடுத்துப் போட்டிருந்தால், இப்படிப்பட்ட கட்டங்கள் அதில் ஒட்டிக்கொண்டிருக்கும், பார்த்து நீக்குங்கள்.

புதுசா .sg பேர் வாங்கிப் போட்டோம். நல்லா இருந்துச்சு, திடீர்னு பக்கம் திறக்கல.

சிங்பாஸ் வழி சரிபார்த்தீர்களா? .sg பெயர்களுக்கு, நிர்வாகத் தொடர்பாளராகப் பதிந்தவர் சிங்பாஸில் நுழைந்து உறுதி செய்ய வேண்டும். அதற்கான ஈமெயில் வந்திருக்கும். கெடுவுக்குள் செய்யாவிட்டால் பெயரை முடக்கிவிடுவார்கள். வெப்சைட் செய்து கொடுத்தவரே தன் ஈமெயிலைக் கொடுத்துப் பதிந்திருந்தால், அந்தக் கடிதம் உங்கள் கண்ணில் பட்டிருக்காது. அவரிடம் கேளுங்கள். உறுதி செய்தபின் பக்கம் மறுபடி திறக்கும், மேப்ஸில் எதையும் மாற்ற வேண்டியதில்லை.

எங்களுக்கு சிராங்கூன் சாலையில ஒண்ணு, உட்லண்ட்ஸ்ல ஒண்ணு, ரெண்டு கிளை இருக்கு. ரெண்டுக்கும் ஒரே லிங்க்கா?

ஒவ்வொரு கிளைக்கும் தனிப் பட்டியல், தனி லிங்க். வெப்சைட்டில் ஒவ்வொரு கிளைக்கும் ஒரு பக்கம் செய்து, அந்தந்தப் பட்டியலில் அதனதன் பக்கத்தைப் போடுங்கள். புக்கிங் லிங்க்கும் கிளையை முன்கூட்டியே தேர்ந்தெடுத்த நிலையில் திறக்க வேண்டும். பொதுப் பக்கத்துக்கு அனுப்பிக் கிளையைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், பட்டியலில் முதலில் இருக்கும் கிளையிலேயே பலர் புக் செய்துவிட்டு, உட்லண்ட்ஸில் இருப்பவர் சிராங்கூன் சாலை நேரத்தோடு வந்து நிற்பார். utm பெயரையும் `gbp-booking-serangoon`, `gbp-booking-woodlands` என்று பிரித்துவிடுங்கள்.